பச்சைக் கோடு

எங்கள் வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கியவள் என் நாத்தனார். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய்ப்பேச்சும் வராது. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, தூங்கும்போது மட்டும்தான் சும்மா இருக்கும். சாப்பிடும்போது இடது கையால் பேசுவாள். பாத்திரம் கழுவும்போது சோப்பு நுரையோடு பேசி என் முகத்தில் தெளிப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அவளுடைய கைமொழியைக் கற்றுக்கொண்டதே பாதி தற்காப்புக்காகத்தான். என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு அவள் வைத்திருந்த பெயர், தன் மூக்கு நுனியை விரலால் இரண்டு தடவை தட்டுவது. எனக்குக் கோபம் அங்கேதான் இருக்கிறதாம். பதினெட்டு வருஷமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. மாறும்படி நானும் நடந்துகொள்ளவில்லை.

எனக்குத் தொழில் வீடியோ எடிட்டிங். ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை, இரண்டு கம்ப்யூட்டர், குளிர்விப்பதைவிட அதிகமாக இரைகிற ஒரு ஏசி. கல்யாணம், ஆண்டுவிழா, கடைத் திறப்பு எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் கேமராவில் பிடித்துக்கொண்டு வருவார். நான் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். அவர் எடுக்கும்போது செய்கிற கோளாறை நான் மேஜையில் சரி செய்வேன். எங்கள் குடும்பம் ஓடுவதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

அன்றைக்குக் காலை பதினொன்றரைக்கு அவர் மாடிப்படி ஏறி வந்த விதத்திலேயே ஏதோ சொதப்பிவிட்டார் என்று தெரிந்தது. வழக்கமாக இரண்டு படி இரண்டு படியாகத் தாவுகிற ஆள், ஒவ்வொரு படியாக வந்தார். பின்னாலேயே வாயாடி. அவளுடைய கை அசையவே இல்லை. அதைப் பார்த்ததும்தான் நான் மவுஸை வைத்துவிட்டு எழுந்தேன்.

விஷயம் இதுதான். காது கேளாத குழந்தைகள் படிக்கிற ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். பதினோரு வருஷமாக ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே, விடுமுறை நாட்களில் போய்ப் போய் ஆசிரியர் பயிற்சியை முடித்தவள். அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் இந்த வேலைக்கு வயது இடம் கொடுக்காது. சான்றிதழ் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு வீடியோ. வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் நான்கு நிமிஷத்துக்கு ஒரு கதையைக் கைமொழியில் சொல்லி, அதை அவர்கள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அன்றைக்கு மாலை ஐந்து மணி கடைசி நேரம். ஐந்து தடவைதான் முயற்சி செய்யலாம் என்று தளத்திலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

"எத்தனை தடவை போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் மூன்று விரலைக் காட்டினார். வாய் இருக்கிற மனுஷன் கைமொழிக்கு இறங்கினார் என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"மூணு தடவையா? என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி மூணு தடவையா? பக்கத்து ஊர்லயா கடை வச்சிருக்கேன்?"

"உனக்கு வேலை இருக்குமேன்னு பாத்தேன். அதோட, நானே நல்ல குவாலிட்டியில எடுத்தது. தங்கச்சிக்காகன்னு கேமராவோட டாப் செட்டிங் போட்டேன். டென் பிட், ஃபோர் டூ டூ. ஒரு விரல் நிழல்கூட விடாம வந்திருக்கு, பாரேன்."

பார்த்தேன். உண்மையிலேயே அருமையாக இருந்தது. ஆனால் அன்பு அதிகமாகிப் போய்ச் சோறு மிதக்க நெய்யை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ரகம். கேமரா அப்படிப் பதிவது எடிட்டிங் மேஜைக்காக. நிறத்தைத் திருத்த வசதியாக, ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதல் நிறத் தகவலை வைத்துக்கொள்ளும். அதைப் பிரித்துப் பார்க்க என் கம்ப்யூட்டரே மூச்சு வாங்கும். விண்ணப்பம் வாங்குகிற தளத்துக்கு அது எதற்கு?

முதல் தடவை கேமராவிலிருந்து வந்த எம்ஓவி ஃபைலை அப்படியே போட்டிருக்கிறார். எம்பி4 மட்டும்தான் என்று தளம் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது தடவை என்ன செய்தார் தெரியுமா? ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த எம்ஓவியை அழித்துவிட்டு எம்பி4 என்று டைப் அடித்துப் போட்டிருக்கிறார்.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க," என்றேன். "உப்பு டப்பாவுல சர்க்கரைன்னு சீட்டு ஒட்டினா காப்பி இனிக்குமா?"

"அவசரத்துல..."

"எம்பி4ங்கறது வெறும் டப்பாதான். உள்ள எந்த கோடெக்ல சுருக்கி வச்சிருக்குன்னுதான் அவங்க சர்வர் திறந்து பாக்கும். பேர் மாத்தினா உள்ள இருக்கறது மாறாது."

"அதான் மூணாவது தடவை ஒழுங்கா எக்ஸ்போர்ட் பண்ணேனே. எச் டூ சிக்ஸ் ஃபைவ். புதுசு, சின்னதா வரும், குவாலிட்டியும் போகாது."

அதிலும் அந்தப் பத்து பிட்டை விடவில்லை. புதிய கோடெக் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். ஆனால் அதைத் திறக்கத் தெரியாத தளங்களும் பிரவுசர்களும் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஃபைலின் பெயர் வேறு தமிழில், நடுநடுவே இடைவெளி, அடைப்புக்குறி, கூடவே "ஃபைனல் புதுசு ரெண்டு". சில தளங்களுக்கு ஃபைல் பெயரே தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எதனால் மாட்டியது என்று யார் கண்டார்கள்? மூன்று வாய்ப்பு போனது மட்டும் நிஜம்.

வாயாடி இதுவரை எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மூக்கு நுனியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணன அப்புறம் திட்டலாம். அவருக்கு ஒரு மணிக்கு ஸ்போர்ட்ஸ் டே ஷூட்டிங் இருக்கு. என் வீடியோ போகுமா, போகாதா?"

"போகும். நான் இருக்கேன்ல," என்று கையால் சொன்னேன். நான் அவ்வளவு திமிராக எதையும் சொல்வதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

வீட்டுக்காரர் கிளம்பும் முன் ஒரு யோசனை சொன்னார். அவர் ஃபோனில் அதே ஃபைலை மெசேஜில் யாருக்காவது அனுப்பித் திரும்ப வாங்கினால் தானே சுருங்கி எளிய எம்பி4 ஆகிவிடுமாம். அது ஆகும்தான். நான் உடனே அவரை எனக்கே அனுப்பச் சொல்லி வாங்கி, பெரிய திரையில் ஓடவிட்டுக் காட்டினேன். கதையில் மழை வருகிற இடம். வாயாடி பத்து விரலையும் மேலிருந்து கீழே சொரிவாள், தூறலில் தொடங்கி அடைமழை வரை. சுருங்கிய வீடியோவில் தூறலும் இல்லை, மழையும் இல்லை. கை இருக்கும் இடத்தில் ஒரு கலங்கல், அவ்வளவுதான். வாய்ப்பேச்சு ஆளுக்குப் படம் மங்கினால் குரல் இருக்கும். இவளுக்கு விரல் மங்கினால் வார்த்தையே போச்சு. அவர் தங்கையின் தலையில் கையை வைத்து அழுத்திவிட்டு, கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் மூல ஃபைலை டைம்லைனில், அதாவது வெட்டி ஒட்டுகிற பட்டையில், இழுத்துப் போட்டேன். வாயாடி நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எடுத்த எடுப்பிலேயே அவள் சொன்னது: "சத்தம் வேண்டாம். சுத்தமா எடுத்துடுங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லாமல் எனக்குத் தெரியும். கைமொழியில் மும்முரமாகப் பேசும்போது அவள் தொண்டையிலிருந்து குரல் வரும். வார்த்தை இல்லை, ஒரு மாதிரி உயர்ந்தும் தாழ்ந்தும் வருகிற ஒலி. சிரித்தால் இன்னும் பலமாக வரும். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இதற்கு முன் ஒரு நேர்முகத் தேர்வில் ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்துவிட்டாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் நானும் ஆடியோ ட்ராக்கை அடைத்துவிட்டேன். எக்ஸ்போர்ட் பெட்டியில் ஆடியோ என்ற இடத்தில் இருந்த டிக்கையும் எடுத்தேன். பேச்சே இல்லாத வீடியோவுக்கு ஆடியோ என்னத்துக்கு என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மற்ற ஒவ்வொன்றுக்கும் அவள் "ஏன்?" என்று கேட்டாள், நான் சொல்லிக்கொண்டே வைத்தேன்.

டப்பா எம்பி4. உள்ளே கோடெக் எச் டூ சிக்ஸ் ஃபோர். பழசுதான், ஆனால் அதைத் தெரியாத ஃபோனோ பிரவுசரோ தளமோ தேடினாலும் கிடைக்காது. நிறம் எட்டு பிட், ஃபோர் டூ ஜீரோ, எல்லோரும் புழங்குகிற சாதாரண வகை. அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, உயரம் ஆயிரத்து எண்பது. ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம், கேமராவில் எடுத்த அதே எண்ணிக்கை, கூடாமல் குறையாமல் ஒரே சீராக.

"இத பதினஞ்சாக் குறைச்சா ஃபைல் சின்னதாகுமே?" என்றாள். எங்கோ படித்திருக்கிறாள்.

"ஆகும். உன் மழை நின்னுடும்."

சிரித்தாள். அறை முழுக்கக் கேட்டது. நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு தகவல் என்ற கணக்கு. எட்டு மெகாபிட் வைத்தேன். எட்டு மெகாபிட் என்றால் நொடிக்கு ஒரு எம்பி. நான்கு நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது நொடி, ஆக இருநூற்று நாற்பது எம்பி. தளம் முன்னூறு வரை வாங்கும். விரலும் மங்காது, அளவும் மீறாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட் என்ற இடத்தில் டிக் வைத்தேன். ஃபைலுக்கு ஒரு பொருளடக்கம் உண்டு, அதைக் கடைசியில் வைக்காமல் முதலிலேயே வைக்கச் சொல்கிற ஏற்பாடு அது. அதனால் முழுசும் வந்து சேருவதற்கு முன்பே மறுமுனையில் திறந்து பார்க்க முடியும். பெயர், ஆங்கிலச் சின்ன எழுத்தில் நான்கு எழுத்து, ஓர் எண். இடைவெளி கிடையாது.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் ஃபைலைப் பிரவுசரில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. ஒரு ஆமைக்குக் குடை வேண்டும் என்று ஆசை. முதுகில் ஓடு இருக்கிறதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது கேட்பதாக இல்லை. கடை கடையாய் ஏறி இறங்கி ஒரு குடை வாங்கி, மழை கொட்ட, விரிக்கப் போகும்போது காற்று வந்து குடையோடு ஆமையையும் தூக்குகிறது. வாயாடி சொந்தமாகக் கட்டிய கதை. ஆமை அந்தரத்தில் நான்கு காலையும் நீந்துகிற இடத்தில், எத்தனை தடவை பார்த்தாலும் நான் சிரித்துவிடுவேன்.

இரண்டு மணி நாற்பது. நான்காவது முயற்சி. பட்டை மெதுவாக நகர்ந்தது, நூறைத் தொட்டது, சின்ன வட்டம் சுற்றியது. வாயாடி என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோப்பு முழுமையாக இல்லை அல்லது சிதைந்துள்ளது."

எனக்குத் தலையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது. என் ஃபைலா? சிதைந்ததா? இந்தக் கையால் எத்தனை ஆயிரம் எக்ஸ்போர்ட் பண்ணியிருப்பேன்! திரையைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டினேன். அவள் காதில் விழாது என்பதால் தாராளமாகவே திட்டினேன். அவள் என் வாயைப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டாவது வார்த்தை எனக்குத் தெரியும்," என்றாள். அப்புறம் அவள் முகம் தொங்கிப்போனது. "விடுங்க அண்ணி. லேபிள் ஒட்டுறதும் வேலைதானே."

"வாயை மூடு," என்றேன் கையால். அவளிடம் மட்டும்தான் அதை அப்படிச் சொல்ல முடியும்: அவளுடைய இரண்டு கையையும் பிடித்து மடியில் வைத்தேன்.

தளத்தின் அடியில் ஒரு உதவி எண் இருந்தது. அரைமணி நேரம் பாட்டைக் கேட்டபின் ஒருவர் எடுத்தார். குரலில் இளமையும் இல்லை முதுமையும் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. காலையிலிருந்து என்னைப்போல் நூறு பேரிடம் பேசியிருப்பார்.

"எம்பி4 ஃபைலா மேடம்?"

"எம்பி4. எச் டூ சிக்ஸ் ஃபோர். எட்டு பிட். முன்னூறுக்குள்ள. நான் இதே தொழில்தாங்க பண்றேன். பேரை மட்டும் மாத்திப் போட்ட ஆள் நான் இல்ல, அது என் வீட்டுக்காரர்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபின் கொஞ்சம் மனுஷக் குரலானது. "இருங்க, விண்ணப்ப எண்ணைச் சொல்லுங்க. எங்க பக்கம் என்ன பதிவாயிருக்குன்னு பாக்கறேன்." கீபோர்டு சத்தம். "வீடியோ சரியா இருக்கு... நேரம் சரி... அளவு சரி... ஆடியோ..." நிறுத்தினார். "மேடம், ஃபைல்ல ஆடியோவே இல்லயா?"

"இல்ல. எடுத்துட்டேன்."

"அதான். ஆடியோ இல்லாம வந்தா, பாதியில நின்ன ஃபைல்னு எங்க சிஸ்டம் முடிவு பண்ணிடும். வீடியோ ஒண்ணு, ஆடியோ ஒண்ணு, ரெண்டும் இருக்கணும். அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க."

நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தேன். "இது காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூலுக்குத்தானே வேலை?"

"ஆமா மேடம்," என்றார். "எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே தளம். இத நாங்க யாரும் யோசிக்கல. எழுதி மேல அனுப்பறேன், சத்தியமா அனுப்பறேன். ஆனா இன்னிக்குள்ள மாத்த என்னால முடியாது. நீங்க வெறும் மௌனத்தையாவது ஆடியோவா வச்சு அனுப்புங்க. ட்ராக்னு ஒண்ணு இருந்தாப் போதும், உள்ள சத்தம் இருக்கான்னு அது பாக்காது. ஏஏசிங்கற வகை ஆடியோவா வைங்க. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு, பாத்து."

நல்ல மனுஷன். மனதார நன்றி சொல்லி வைத்தேன். மணி மூன்றே முக்கால்.

வாயாடிக்கு விளக்கினேன். சத்தமே இல்லாத ஒரு ட்ராக்கை வீடியோவுக்கு அடியில் வைத்துவிடலாம். யார் திறந்தாலும் ஒன்றும் கேட்காது, தளமும் வாங்கிக்கொள்ளும். ஐந்து நிமிஷ வேலை. அவள் தலையாட்டினாள். நான் மவுஸை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

டைம்லைனில் வீடியோவுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை கிடந்தது, நான் முன்பு அடைத்துவைத்த அசல் ஆடியோ. அதற்குள் மலையும் பள்ளமுமாக வரைந்திருந்தது. அதை விரலால் தொட்டு, "இது நானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இவ்வளவு இருக்கா?"

"ஓட விடுங்க," என்றாள். அடைப்பை நீக்கி ஓடவிட்டேன். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒலி அளவைக் காட்டுகிற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமை கடை ஏறும்போது கோடு மெல்ல எழும்பி இறங்கியது. மழை வலுக்க வலுக்க உயர்ந்தது. காற்று ஆமையைத் தூக்கிய இடத்தில் துள்ளி மஞ்சளைத் தொட்டது. அவள் சட்டென்று நிறுத்தச் சொல்லி, நின்ற படத்தைக் காட்டினாள்.

"இங்க என் வாய் மூடியிருக்கு. கோடு மட்டும் ஏன் ஆடுது?"

திரும்ப ஓட்டிக் கேட்டேன். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து, அடக்க முடியாமல் மூக்கு வழியாக வருகிற ஒரு சிரிப்பு. "உன் அண்ணன் சிரிக்கிறார். அடக்கப் பாத்திருக்கார், முடியல."

அவள் கண் விரிந்தது. கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற மனுஷன் சிரித்தது அவளுக்கு எப்படித் தெரியும்? "நான் கதை நல்லா இல்லயோன்னு நெனச்சேன்," என்றாள். அந்த இடத்தை இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள், பார்க்க வெறும் கோடுதான் இருந்தது.

பிறகு அந்தப் பச்சைக் கோட்டைக் காட்டி, எந்த வருத்தமும் இல்லாத முகத்தோடு சொன்னாள்:

"நம்ம டிவிலயும் இது வரும்ல அண்ணி."

எனக்கு முதலில் புரியவில்லை.

"யாராவது வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் பேசினா, நீங்க ரிமோட்ட எடுப்பீங்க. டிவில பச்சைக் கோடு ஏறும். அதப் பாத்துத்தான் நான் சத்தம் போடுறேன்னு தெரிஞ்சுக்குவேன். உடனே நிறுத்திக்குவேன்."

பதினெட்டு வருஷம். அவள் குரலை டிவி சத்தத்தால் மூடுவதை யாருக்கும் தெரியாமல் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு நல்லதுதானே, வந்தவர்கள் முன்னால் அவள் கூசக் கூடாதே என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூசியது நான். காது கேட்காதவளுக்கு டிவியின் சத்தம் ஏறுவது தெரியாது என்று நினைத்த நான் எவ்வளவு பெரிய முட்டாள்! அவள் கண் திரையில் இருக்கும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவை அந்தக் கோடு ஏறும்போதும் அவள் ஒரு பேச்சைப் பாதியில் விழுங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் நான் அழுததே கிடையாது.

"தப்பு பண்ணிட்டேன்," என்று சொன்னேன். கையால் அதையே இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவள் என் மூக்கு நுனியைத் தட்டினாள், தன்னுடையதை அல்ல. "அழுதா பேர மாத்த வேண்டி வரும். நேரமாகுது."

"மௌனத்த வச்சு அனுப்பிடலாம்," என்றேன். "அதுதான் பத்திரம். தேர்வு பண்றவங்கள்ல காது கேக்கிறவங்களும் இருப்பாங்க. போன தடவை மாதிரி எவளாவது மூஞ்சியச் சுளிச்சா?"

அவள் அந்தச் சாம்பல் பட்டையை, இப்போது நிறம் வந்திருந்த பட்டையை, விரலால் ஒருமுறை தடவினாள். தளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எதை வைத்தாலும் வாங்கிக்கொள்ளும். முடிவு இனி கோடெக்கிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

"அந்தப் பிள்ளைங்களுக்கு என் சத்தம் கேக்காது," என்றாள். "கேக்கிறவங்களுக்குக் கேக்கட்டும். வேலைக்குப் போனப்புறம் தினமும் இப்படித்தானே இருப்பேன். அங்க யாரு ரிமோட்டோட உக்காந்திருப்பாங்க? அதோட, அண்ணன் சிரிப்பு இருக்கு."

எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்தேன். முன்பு வைத்த எதையும் தொடவில்லை. ஆடியோ என்ற இடத்தில் டிக்கை மட்டும் அவள் கையால் வைக்கச் சொன்னேன். வைத்தாள். ஏஏசி, நாற்பத்தெட்டு கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. வெளியே வந்த ஃபைலைப் பிரவுசரில் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டி, நான்கு நிமிஷமும் கேட்டேன். எவ்வளவோ வருஷம் கூடவே இருந்தும், அந்தக் குரலை நான் முதலிலிருந்து கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான். ஆமை பயப்படும்போது அது பயந்தது. காற்று விட்டுவிட்டுப் போனபின் ஆமை தன் ஓட்டுக்குள்ளே போய் உட்கார்கிற இடத்தில் மெல்லத் தணிந்து நின்றது. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

நான்கு இருபத்தைந்துக்கு ஐந்தாவது முயற்சி. இதற்கு மேல் ஒன்று கிடையாது. அழுத்துவதற்கு முன் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு அவளையே அழுத்தச் சொன்னேன். பட்டை நகர்ந்தது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. நூறு. வட்டம் சுற்றியது, சுற்றியது, நான் கையில் இருந்த பேனாவின் மூடியைக் கடித்துத் துப்பினேன்.

"உங்கள் காணொளி ஏற்றுக்கொள்ளப்பட்டது."

வாயாடி கத்தினாள். அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, என்னைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள், சுற்றிக்கொண்டே கத்தினாள். கீழே தையல் மிஷின் நின்றது. தடதடவென்று படியேறி, அளவு நாடா கழுத்தில் தொங்க, தையல்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்னாச்சும்மா? யாருக்கு என்ன? என்ன சத்தம் அது?"

அவரைப் பார்த்ததும் வாயாடி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பழக்கம். அவள் கண் என் கைக்குப் போனது, அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல்.

"ஒண்ணுமில்லண்ணே, சந்தோஷம்," என்றேன். "அது என் நாத்தனாரோட குரல்."

சொன்னதை அவளுக்காகக் கையாலும் சொன்னேன். பிறகு போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.